ஆணியில் சுற்றிய நாண்

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ ஈரத்துண்டை உதறுகிறார்கள். பட். அந்த ஒரு சத்தம் போதும். என் இடது முன்கை தானாகச் சிலிர்த்துக்கொள்கிறது, அடி வாங்கியது நானே என்பதுபோல. அடி வாங்கியவளோ என் தோழி. மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நாற்பதைத் தொடப்போகும் வயதில் வில்லைக் கையில் எடுத்தவள்.

எனக்கு வில் தெரியாது. எனக்கு நடக்கத்தான் தெரியும். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். விடியும் முன்பே கிளம்பி ஊரைச் சுற்றுவேன். பாலக்கோடு சந்தைக்குப் போகும் தக்காளி வண்டிகள் உறுமிக்கொண்டு போகும். பள்ளி மைதானத்தின் பின்புறம் அவள் தனியாக நின்று எய்துகொண்டிருப்பாள். அங்கே மட்டும் என் கால்கள் நின்றன. வேலியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்க்கப் பழகினேன்.

அந்த வருடம் மாவட்ட அணிக்குத் தேர்வு வந்தது. பெண்களில் முதல் நான்கு பேருக்கு மாநிலப் போட்டி. அடுத்த வருடம் பள்ளியில் புது வேலைகள் தலைமேல் விழும், இந்த முறை விட்டால் விட்டதுதான் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்காகப் புது நாண் வாங்கி மாட்டினாள். அன்றிலிருந்து வந்ததுதான் அந்தப் பட்.

வில் என்றால் வளைந்த மரம், நடுவே ஒரு கயிறு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கைப்பிடியின் பள்ளத்திலிருந்து நாண் வரை உள்ள இடைவெளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரேஸ் ஹைட் என்பார்கள். அதை அளக்க டி வடிவில் ஒரு அளவுகோல். இடைவெளி குறைந்தால் அம்பு நாணைவிட்டுப் பிரியத் தாமதமாகும், நாண் முன்கையில் கட்டிய காப்புப் பட்டையில் அறையும், வில் முழுவதும் அதிரும். கூட்ட வேண்டுமென்றால் நாணைக் கழற்றி முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க நாண் குட்டையாகும், இடைவெளி கூடும்.

தினமும் காலையில் அளப்பாள். தினமும் குறைந்திருக்கும்.

"புது நாண் இழுவும்க்கா. ரெண்டு நாள்ல நின்னுரும்னு கடைக்காரர் சொன்னாரு."

"ரெண்டு நாள் சொல்லி மூணு வாரம் ஆச்சு."

"எனக்கு மட்டும் தெரியாதா? சும்மா இருங்க."

முறுக்குவாள், மாட்டுவாள், எய்வாள். அம்பு ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. நாணில் அம்பின் வாய் கவ்வும் இடத்தில் நூல் சுற்றி ஒரு முடிச்சு இருக்கும். இடைவெளி மாறினால் அந்த இடமும் நகரும். அதை அறுத்துவிட்டு வேறு இடத்தில் கட்டுவாள். மறுநாள் அதையும் அறுப்பாள். நாணின் நடுவில் பழைய கட்டுகளின் தடங்கள் ஊசித் தழும்புபோலத் தெரிந்தன. கடைசியில் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை மாலை தூறல் பிடித்ததால் பயிற்சியை நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கணவர் தக்காளி வியாபாரி. வாசலில் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா கண்ணு, இன்னிக்கும் வில்லு திட்டுச்சா?"

"வில்லு திட்டுனா பரவால்ல. நீங்க வேற திட்டாதீங்க."

"நான் எங்க திட்டறன்? எங்க வூட்டுல ஒரே ஆளுக்குத்தான் அம்பு வுட லைசென்ஸு."

டீ வந்தது. அவள் நாணைக் கழற்றினாள். ஆயுதத்தைத் தரையில் போடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆயுத பூஜைக்கு அரிவாளோடு சேர்த்து வில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள். புது நாண் வந்ததும் அதற்கென்று சாமி படத்துக்குப் பக்கத்தில் தனி ஆணி அடித்திருந்தார்கள். அதில் நாணின் ஒரு முனையில் இருக்கும் காது வளையத்தை மாட்டித் தொங்கவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா பார்த்தேன். நாண் சுற்றியது.

காற்று இல்லை. மின்விசிறி போடவில்லை. ஆனாலும் சுவரோரம் தொங்கிய அந்தக் கயிறு, கீழ்க்காதைத் தலைபோல ஆட்டி, முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, பிறகு யோசித்து யோசித்துச் சுற்றியது. யாரும் தொடாமல் ஒரு பொருள் தனக்குள் இருந்ததை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. கை முறுக்கிய முறுக்கையெல்லாம் அது நினைவில் வைத்திருந்து, ஒவ்வொரு சுற்றாகத் திருப்பிக் கொடுத்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்றும் வராத ஒன்று, பக்கத்து ஆணியைப் பார்த்து வந்தது.

"இங்க வாடி!" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். பார்த்தாள். நாண் கடைசி அரைச் சுற்றைச் சுற்றி நின்றது. அதையே மறுபடி வில்லில் மாட்டி அளந்தாள். மைதானத்தில் எட்டேகால் அங்குலம் இருந்தது, இப்போது எட்டுக்கும் கீழே.

"தினமும்..." என்றாள். "தினமும் நானே அவுத்து வுட்டிருக்கறன்க்கா."

கணவர் எட்டிப் பார்த்தார். "அந்த ஆணி அடிச்சது நாந்தான். என்னைய ஒண்ணும் சொல்லாத."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கொஞ்சம் அழுதாள். பிறகு நாணைக் கழற்றி, விட்ட முறுக்கைத் திரும்ப ஏற்றி, இரண்டு காதையும் சேர்த்து அதே ஆணியில் மாலைபோல மாட்டினாள். இரண்டு முனையும் பிடிபட்ட பிறகு முறுக்கு எங்கே போகும்? வழக்கமும் கெடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அளந்தபோது ஒரு நூல்கூடக் குறையவில்லை. எந்த இடைவெளியில் சத்தம் அடங்குகிறது என்று பார்க்க, அவள் எட்டு அங்குலம் வரைக்கும் முறுக்கை இறக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று அம்பு, பிறகு மூன்று முறுக்கு, மறுபடி மூன்று அம்பு.

"நீங்க திரும்பி உக்காருங்க. பாக்காதீங்க. சத்தத்த மட்டும் சொல்லுங்க."

முதுகு காட்டி உட்கார்ந்தேன். பட். பட். கொஞ்சம் கழித்து, டப். பிறகு, துண்டு மடிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம். அதற்கடுத்து நான் காத்திருந்தேன், எதுவும் வரவில்லை. தூரத்தில் பலகையில் அம்பு குத்திய ஓசை மட்டும் வந்தது.

"எய்தியா?"

"எய்திட்டன்."

வில்லின் சத்தம் அற்றுப்போயிருந்தது. இன்னும் மூன்று முறுக்கு ஏற்றினாள். சுருக்கென்று ஒரு கூர்மை வந்தது. அவற்றை இறக்கினாள். மறுபடி மௌனம். எட்டரை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்ட ஒரு பொருளுக்கு இவ்வளவு அமைதி உண்டா என்று வியந்தேன்.

இடைவெளி உறுதியான பிறகுதான் முடிச்சு. அளவுகோலை நாணில் பொருத்தி, நேர்கோட்டுக்குக் கால் அங்குலத்துக்கும் சற்று மேலே நூலைச் சுற்றினாள். இறகுள்ள அம்புகள் ஒன்றாகக் குத்தின. இறகில்லாத வெறும் அம்பு ஒன்று ஒரு சாண் கீழே போய்க் குத்தியது. முடிச்சு உயரமாக இருக்கிறது என்று அர்த்தமாம். இறகு தவறை மறைத்துவிடும், வெறும் அம்பு மறைக்காது. நூல் கனத்துக்கு முடிச்சைக் கீழே இறக்கினாள், பிறகு இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை வெறும் அம்பு மற்றவற்றின் நடுவே போய் நின்றது. ஒரு சொட்டுப் பசை வைத்தாள். அதன்பின் அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை தர்மபுரி மைதானத்தில் வரிசையாகப் பல விற்கள் பேசின. அவளுடையது பேசவில்லை. எப்போது விட்டாள் என்று விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மதியத்துக்குமேல் இரண்டு அம்பு விலகியது. அது அவள் கை, வில் அல்ல. அவளும் அதை அறிந்து, மூச்சை இழுத்துவிட்டு, அடுத்ததை எய்தாள். பட்டியல் ஒட்டியபோது அவள் பெயர் நான்காவது. கடைசி இடம். ஆனால் இடம்.

பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், வில் பை மடியில். ஊர் வந்து, தெரு பிரியும் முனையில் நின்றோம். அவள் கண்ணைக் கசக்கினாள்.

"நாளைக்கு வெடியக்காலமே வந்து கதவத் தட்டிராதீங்கக்கா. பத்து மணி வரைக்கும் தூங்கப் போறன்."