பெயரை மட்டும் சேர்த்த அறிவித்தல்

தாயில்லாத யசோதினியை வளர்த்தவர் மாமி கண்ணகை. யசோதினி இப்போது நாவற்குடாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் கத்தோலிக்கரான அலனுக்கும் வீட்டுக்குள்ளேயே மோதிரம் மாற்றினார்கள். அன்று மாமி ஒன்றுதான் கேட்டார்.

“பழுகாமத்தில பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லுறன் புள்ள. அதுவரைக்கும் விசயத்த வெளியில விடாதங்க.”

வீட்டார் படங்களோ பெயர்களோ எங்கும் வரக்கூடாது என்று அலனின் தாயும் சொல்லியிருந்தார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சந்தோசம் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மாலை, மோதிரம் போட்ட இரண்டு கைகளை மட்டும் அலன் பேஸ்புக்கில் போட்டான். அவனுடைய நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தான். அவர்களில் யசோதினியின் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

“என்ர பேரையாவது டாக் பண்ணுங்களேன்” என்றாள் அவள்.

அவனும் அவள் பெயரைப் பதிவோடு இணைத்து டாக் செய்தான். அப்படிச் செய்ததும் அந்தப் பதிவு அவளுடைய நண்பர்களுக்கும் திறந்துவிடும் என்பதை இருவரும் யோசிக்கவில்லை. பெரியப்பாவின் மகன் அவளுடைய நண்பர் பட்டியலில் இருந்தான்.

மறுநாள் மாமி வெற்றிலைத் தட்டமான வட்டாவோடு பழுகாமத்துக்குப் போனார். பெரியப்பா வெற்றிலையைத் தொடவில்லை. “ஊரெல்லாம் பாத்த பிறகா எனக்குச் சொல்ல வந்த நீ?” என்று கேட்டாராம்.

மாமி திரும்பிவந்து, நிறைந்திருந்த வட்டாவை மேசையில் வைத்தார். அவரிடம் பேஸ்புக் இல்லை. யசோதினி அழத் தொடங்கினாள்.

“அழாத புள்ள. எல்லாரும் பாத்திட்டாங்களாம், எனக்கும் ஒருக்காக் காட்டன்.”