மேட்டு லயத்துத் தொட்டி

கணக்காய்வுக்குப் போனால் முதலில் பிஸ்கட் வரும், பிறகுதான் கோப்பு வரும். மாத்தளை மாவட்டத்தின் அந்தப் பிரதேச சபையிலும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்துக்கு, அதாவது மேட்டிலிருந்த தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, சபை போட்டுக்கொடுத்த குடிநீர்த் திட்டத்தின் கோப்பு அது. சட்டப்படி, சுற்றறிக்கைப்படி வேலை நடந்திருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும். அதற்கு இணக்கக் கணக்காய்வு என்று பெயர்.

நடந்திருக்கவில்லை. வரைபடத்தில் தொட்டி ஓடையோரம் இருந்தது. கட்டியதோ மேலே, ஊற்றடியில். இந்த மாற்றத்துக்கு யாரிடமும் முன் அனுமதி வாங்கவில்லை. விளக்கம் கேட்டு ஐயவினா அனுப்பினேன். பிழையைப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

சபைச் செயலாளரின் பதில் மிகப் பணிவாக வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றியாம். தொட்டி அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கே மாற்றப்படுமாம். எங்களிடம் நல்ல பேர் வாங்க அத்தனை அவசரம்.

அதே திட்டம் செயலாற்றுகைக் கணக்காய்வுக்கும் வந்தது. அதில் கேள்வி வேறு. நினைத்த பயன் கிடைத்ததா, சிக்கனமாகவும் வினைத்திறனாகவும் கிடைத்ததா என்று பார்க்கவேண்டும். கோப்பை மட்டும் புரட்டினால் அது தெரியாது. மூச்சு வாங்க மேட்டு லயத்துக்கு ஏறினேன். தொட்டியைக் கட்டிய, சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரும் கூட வந்தார்.

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த ஒரு அக்கா, லயத்துப் பைப்பைத் திறந்து காட்டினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"தொட்டிய கீழ எறக்கப் போறாங்களாமே மிஸ். ஓடத் தண்ணி இம்புட்டு மேட்டுக்கு எப்புடி ஏறும்?"

ஏறாது. திட்டத்தில் மோட்டார் இல்லை. உயரத்தை அளந்து பார்த்தோம், ஓடை லயத்துக்குக் கீழே கிடந்தது. வரைபடம் போட்டவர் மலை ஏறவே இல்லை போலும். என் ஐயவினாவில் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆனால் அதற்காகச் செய்யப்போகும் திருத்தத்தால் இந்த வீடுகளின் தண்ணீர் நின்றுவிடும்.

சபைக்கு உத்தரவு போட எங்களுக்கு அதிகாரமில்லை. கண்டதை எழுதலாம், சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். தொட்டியை நகர்த்தினால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும், அதை இருந்த இடத்திலேயே விட்டு, மாற்றத்துக்கு உரிய அங்கீகாரம் பெறவேண்டும் என்று எழுதினேன். முன் அனுமதி வாங்காததைப் பற்றி எழுதியதை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது.

செயலாளர் தொட்டியை விட்டுவிட்டார். அனுமதி வாங்காமல் ஏன் கட்டினாய் என்று விளக்கம் கேட்டு உத்தியோகத்தரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை சபைக்குப் போனபோது, விளக்கக் கடிதம் எழுதி முடித்த கையோடு உத்தியோகத்தர் என் மேசைக்கு வந்தார்.

"அனுமதி வர்ற வரைக்கும் அந்தச் சனம் எங்க போகும் மிஸ்? நான் செஞ்சது சரியா, தப்பா?"

"அனுமதி கேக்காதது தப்பு. தொட்டி வச்ச எடம் சரி."

"ரெண்டையும் செஞ்சது ஒரே ஆள்தானே மிஸ்."

பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் எடுக்கவில்லை.