சோணையம்மாள் வீட்டுக் கூடம்

எங்கள் மருத்துவமனையின் ஒப்பந்தப் பிரிவில் நான் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. சாப்பாடு, காவல், ஆம்புலன்ஸ், சலவை என்று வெளியாட்களிடம் விட்டிருக்கும் வேலைகளுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதுவதும், அது மீறப்பட்டால் நோட்டீஸ் அனுப்புவதும்தான் என் வேலை. நோட்டீஸ் போனதும் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஒருவர் போனில் கத்துவார். இன்னொருவர் யாரையாவது விட்டுப் பேசச் சொல்வார். மற்றொருவர் வக்கீலிடம் ஓடி, குற்றமே இல்லை என்று பதில் அனுப்புவார். எங்களுக்குத் துணி துவைத்துத் தந்த பரவைச் சோணையம்மாள் இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரி ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர், ஒரு ஹோட்டலில் துணி துவைத்து, பிறகு சொந்தமாய் இரண்டு மெஷின் போட்டு, பரவையில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் எழுப்பினார். ஷெட்டை ஒட்டியே ஒரு வீடு. அந்தப் பரம்பரையில் முதல் கான்கிரீட் கூரை அதுதான். எங்கள் வார்டு பெட்சீட்டும் ஆபரேஷன் தியேட்டர் அங்கிகளும் மூன்று வருடமாய் அங்கிருந்துதான் துவைத்து வந்தன.

பிரச்சினையைக் கண்டுபிடித்தது எங்கள் நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர் மீனா. துவைத்து வந்த துணிகளில் எடுத்த சோதனை மாதிரிகளில் கிருமி வளர்ந்திருந்தது. மீனா பரவைக்கே போய்ப் பார்த்தார். தண்ணீர் எழுபத்தொரு டிகிரிக்குச் சூடாகி, அதே சூட்டில் இருபத்தைந்து நிமிடம் துணி சுழல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் அந்தச் சூட்டை எட்டவேயில்லை. ரத்தக்கறை பட்ட மூட்டை இறங்கும் அதே தரையில் மடித்த துணியும் அடுக்கியிருந்தது. வண்டியும் ஒன்றுதான்; காலையில் அழுக்கை ஏற்றிப் போவதும் மாலையில் வெள்ளையை ஏற்றி வருவதும் அதுவே.

எங்கள் நிர்வாக மேலாளர் சூரியபிரகாஷ் அன்றே ஒப்பந்தத்தை முறிக்கச் சொன்னார். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது.

“முடியாது சார்,” என்றேன். “பதினாலாம் பிரிவுப்படி முதல்ல எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். என்ன தப்புன்னு சொல்லி, சரிபண்ண பதினஞ்சு நாள் விடணும். அதுக்குள்ள முறிச்சா தப்பு நம்ம மேல வந்துரும்.”

“அது வரைக்கும் பேஷன்ட்டுக்கு யார் பொறுப்பு?”

அவர் கேட்டது நியாயம். அதே பிரிவு அதற்கும் வழி வைத்திருந்தது. தியேட்டர் துணிகளை அன்றே நிறுத்தி, எங்கள் சொந்த மெஷினுக்கு மாற்றினோம். வார்டு துணி மட்டும், கிருமிநாசினி சேர்த்து, மீனாவின் கண்காணிப்பில் பரவைக்குப் போனது.

நோட்டீஸை நான் எழுதினேன். எந்தப் பிரிவு மீறப்பட்டது, எந்தத் தேதியில் என்ன பார்த்தோம், என்னென்ன சரிசெய்யப்பட வேண்டும் என்று வரிசையாய் வைத்தேன். சூடும் அதன் பதிவும், அழுக்குத் துணிக்கும் சுத்தத் துணிக்கும் இடையே தடுப்பு, தனித்தனி வண்டி, பிறகு புதுச் சோதனையில் கிருமி இல்லை என்ற முடிவு. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாளைக்குள் இவை நடக்காவிட்டால் ஒப்பந்தம் முறிக்கப்படும், அவர் கட்டியிருந்த பிணைத்தொகை எடுத்துக்கொள்ளப்படும், வேறு இடத்தில் துவைக்க ஆகும் கூடுதல் செலவும் அவரிடமே வசூலிக்கப்படும் என்று முடித்தேன். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம்.

தபால் கிடைத்த மறுநாள் காலை சோணையம்மாள் என் மேஜைக்கு முன் வந்து நின்றார். கூட அவர் கணவர் மலையாண்டி. அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

“உக்காருங்கக்கா,” என்றேன்.

“இதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க மேடம். இங்கிலீஷ்ல இருக்கு. மக வாசிச்சுச் சொன்னா, இருந்தாலும் எழுதுனவுக வாயால கேக்கணும்.”

வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பிணைத்தொகைப் பேச்சு வந்ததும் மலையாண்டி எழுந்துவிட்டார்.

“கட்சிக்காரரு ஒருத்தரு இருக்காரு, அவர விட்டு உங்க பெரியவருகிட்டப் பேசச் சொல்றேன்.”

“சும்மா இருங்க,” என்றார் சோணையம்மாள். திட்டவில்லை, யோசனையில் இருப்பவர் குறுக்கே வந்த ஈயை ஓட்டுவது போலச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். “அப்ப பதினஞ்சு நாளைக்கு நீங்களும் என்னைய வெளிய தள்ள முடியாது. அப்படித்தான?”

“முடியாதுக்கா. ஆனா பதினாறாம் நாள் சரியாகலன்னா, நான் நெனச்சாலும் நிறுத்த முடியாது.”

“எந்த நாள்ல இருந்து எண்ணுறது?”

“நீங்க கையெழுத்துப் போட்டு வாங்குன தேதியில இருந்து.”

அவர் அந்தத் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

“எங்கப்பா ஒரு தோட்டத்துல பதினெட்டு வருசம் வேல பாத்தாரு மேடம். ஒரு நாள் காலையில போனாரு, நாளையில இருந்து வராதன்னு சொல்லிட்டாக. ஏன்னு சொல்லல. என்ன தப்புன்னு கேட்டதுக்கு, கேப்பியாடான்னாக. சாகுற வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டிருந்தாரு. எனக்குப் பாருங்க, இன்னது தப்பு, இம்புட்டு நாள்ல சரிபண்ணு, பண்ணாட்டி இது நடக்கும்னு பேரு போட்டு எழுதி வந்திருக்கு.”

நான் எழுதியதை நானே முதல்முறையாகப் படிப்பது போலிருந்தது. எத்தனையோ நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அவகாசம் என்ற அந்த ஒரு பத்திக்கு இவ்வளவு கனம் இருப்பதை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அதன்பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. இடையில் ஒரே ஒரு தரம் போன் வந்தது, தடுப்பு என்றால் திரைச்சீலை போதுமா என்று கேட்டார். போதாது, சுவர் வேண்டும் என்று மீனா சொன்னதை அப்படியே சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டார். ஷெட்டில் சுவர் வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். மெஷின்களை நகர்த்தினால் குழாய், கரண்ட் எல்லாம் மாற வேண்டும். முடியாது என்றுதான் நினைத்தேன். சூரியபிரகாஷ் கோயம்புத்தூர்க்காரர்களின் ஒப்பந்த வரைவைத் தயார் செய்யச் சொன்னார். செய்து வைத்தேன்.

பதினோராம் நாள் ஒரு கடிதம் வந்தது. நோட்டீஸில் சொன்ன குறைகள் சரிசெய்யப்பட்டன, வந்து பார்த்துச் சோதனை மாதிரி எடுத்துக்கொள்ளவும் என்று இருந்தது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்து, கெடு முடிவதற்கு முன்பே அழைத்திருந்தார். மறுநாள் காலை மீனாவும் நானும் கிளம்பினோம். சூரியபிரகாஷ் தானும் வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. மடித்த துணி அடுக்கும் மேஜைகள், இஸ்திரி, உலர்த்தும் மெஷின் எதுவுமே அங்கே இல்லை. அழுக்கு மூட்டையும் துவைக்கும் மெஷினும் மட்டும். பின்சுவரில், இடுப்பு உயரத்தில், புதுச் சிமெண்ட் பூசிய ஒரு திறப்பு. துவைத்த துணி கழுவிய தள்ளுவண்டியில் அந்தத் திறப்பு வரை வந்து, அதன் வழியாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போவதில்லை. கதவும் கிடையாது.

“அந்தப் பக்கம் எப்படிப் போறது?” என்று சூரியபிரகாஷ் கேட்டார்.

“சுத்தித்தான் போகணும் சார். வாங்க.”

வெளியே வந்து, வளைந்து, அவர் எங்களை நிறுத்திய இடம் அவர் வீட்டு வாசல். கை கழுவி, காலுறை மாட்டி, உள்ளே போனோம்.

அது அந்த வீட்டின் கூடம். டிவி இல்லை, சோபா இல்லை, சாமி படங்கள்கூட இல்லை. சுவர் முழுக்கப் புதிதாய் வெள்ளை அடித்திருந்தது. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திப் போட்ட இரும்பு அலமாரிகளில் கூரை வரை பெட்சீட் அடுக்கியிருந்தது. அத்தனை வெள்ளையை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மூலையில் ஓடிய உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்த துணியின் இளஞ்சூடு முகத்தில் படிந்தது. சுத்தமான மேலங்கியும் தொப்பியுமாய் மூன்று பெண்கள் பேசாமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கோயில் ஒன்றின் உள்ளே வந்துவிட்டது போல எங்களுக்குக் குரல் தானாகவே தாழ்ந்துபோயிற்று.

“நீங்க எங்கக்கா இருக்கீங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

ஜன்னல் வழியே பின்பக்கம் கை காட்டினார். தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அதற்குள் கட்டில், பாத்திரம், சோபா, அதன்மேல் தலைகீழாய் டிவி. வாசலில் மலையாண்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்று கடுகடுத்த மனிதர்தான். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

“வீட்டையே குடுத்துட்டீங்களே,” என்றார் மீனா.

“சுவருக்கு அந்தப் பக்கம் இடம் வேணும்னீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் வீடுதான் இருந்துச்சு,” என்றார் சோணையம்மாள்.

தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் குழாய்களில் உப்பு விரலளவு படிந்து சூட்டைத் தடுத்திருந்ததாம். அதைத் தட்டி எடுத்து, தண்ணீரை மென்மையாக்கும் ஒரு கருவியும் வைத்திருந்தார். அந்த வாரம் வந்த இரண்டு கல்யாண மண்டப வேலையை வேண்டாமென்று விட்டிருந்தார். சுத்தத் துணிக்கென்று வேறொரு வண்டி வெளியே நின்றது. மீனா தன் வெப்பமானியை வைத்து ஒரு சுற்று முழுவதும் நின்று பார்த்தார். எழுபத்திரண்டு. இருபத்தைந்து நிமிடமும் அது இறங்கவில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். திரும்பும் வழியில் சமயநல்லூர்ப் பக்கம் பச்சை வயல்கள் தெரிந்தன. சூரியபிரகாஷ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அலுவலகம் வந்ததும், “அந்தக் கோயம்புத்தூர் வரைவ இப்போதைக்கு ஓரமா வைங்க,” என்றார்.

பதினாலாம் நாள் முடிவு வந்தது. கிருமி இல்லை.

மீறல் சரிசெய்யப்பட்டது என்று கடிதம் தயாரித்தேன். அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: அதே மீறல் ஒரு வருடத்துக்குள் திரும்ப நடந்தால் அவகாசம் இல்லாமலே முறிக்க மருத்துவமனைக்கு உரிமை உண்டு. அதை மறைக்காமல் வாசித்துச் சொன்னேன். “அது சரிதான மேடம். ஒரு தரம் சொல்லியாச்சில்ல,” என்றார். தியேட்டர் துணிகள் அடுத்த வாரம் பரவைக்குத் திரும்பின.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் மறுபடியும் வந்தார். தண்ணீர்க் கருவியைப் போட்டுக்கொடுத்த கம்பெனி, பழுது பார்க்க வராமல் இழுத்தடிக்கிறதாம். சூடு இறங்கவிடாமல் உப்பில்லாத தண்ணீரை லாரியில் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

“நோட்டீஸ் அனுப்பணும் மேடம். அவுக ஒப்பந்தத்துல அவகாசம் குடுக்குற பிரிவு இருக்கு. அது இருக்கான்னு கேட்டுத்தான் அன்னைக்குக் கையெழுத்தே போட்டேன்.”

நான் மருத்துவமனை ஆள், அவருக்காக எழுதக் கூடாது என்று சொல்லி, பசுமலையில் எனக்குத் தெரிந்த வக்கீல் இம்மானுவேலின் எண்ணைக் கொடுத்தேன். குறித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் நின்று, “எம்புட்டு நாள் குடுக்கலாம்?” என்று கேட்டார்.

“ஒப்பந்தத்துல எத்தன நாள் இருக்கு?”

“ஏழு.”

“அப்ப ஏழு குடுத்தாப் போதும்க்கா.”

“பத்தா குடுத்துருவோம்,” என்றார். “என்ன தப்புன்னு வெவரமா எழுதிருவோம். பாவம், சரிபண்ணிக்கிரட்டும். பண்ணலன்னா அப்புறம் விட மாட்டேன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே பரவை பஸ் கிளம்பத் தயாராய் உறுமிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி அதை நிறுத்தி ஏறினார்.