சிவப்பு டேப் கட்டிய குழாய்

தென்காசியில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். மருந்துக்கடை ஜன்னலில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை இல்லை. உள்ளே கண்ணாடி அறையில், தொப்பியும் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் உணவைப் பையில் கலப்பேன். சமையலில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாம். இதில் கலந்தது கலந்ததுதான்.

அதனால் ஒவ்வொரு ஊசிக்குழலையும் கூட இருக்கும் பார்மசிஸ்ட் பார்த்து, வாய்விட்டுப் படித்த பிறகே பைக்குள் செலுத்துவேன். பாஸ்பேட் முதலில், கால்சியம் நன்றாகத் தள்ளிக் கடைசியில். இரண்டும் நெருங்கினால் சுண்ணாம்புத் துகளாக உறையும். துகள் நுரையீரலில் போய் அடைத்தால் ஆளையே முடித்துவிடும். பையைக் கறுப்பு அட்டை முன்னாலும் வெள்ளை அட்டை முன்னாலும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொழுப்பைச் சேர்ப்பேன். கொழுப்பு விழுந்ததும் எல்லாம் பால் போல வெளுத்துவிடும், அப்புறம் உள்ளே என்ன மிதந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவசரப்படுத்துகிறவர்களிடம் நான் எரிந்து விழுவேன். விழத்தான் செய்வேன்.

அந்தக் குற்றாலச் சீசனில் ஒரு பெண்ணுக்குத் தினமும் பை கலந்தேன். குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, சிறுகுடலில் பெரும்பகுதி அழுகி வெட்டி எடுத்திருந்தார்கள். முப்பதைத் தாண்டாதவள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. புருஷன் வளைகுடாவில் ஓட்டல் சமையல்காரர், சேதி கேட்டு ஓடி வந்திருந்தார். மிச்சமிருக்கும் குடல் மெல்லமெல்லப் பழகிக்கொள்ளும், அதுவரை உடம்பைத் தாங்கிப் பிடித்தால் போதும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். தாங்கிப் பிடிக்க இருந்தது என் பையும், அவள் கழுத்தில் போட்ட குழாயும்தான்.

அந்தக் குழாய்க்கு இரண்டு வாய். ஒன்று மருந்துக்கு. இன்னொன்று உணவுக்கு மட்டும். உணவு வாயில் நான் சிவப்பு டேப் கட்டி வைத்திருந்தேன். அதில் வேறு எதையும் ஏற்றக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. நமக்குச் சத்தான உணவு கிருமிக்கும் விருந்து. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதற்குக் கதவைத் திறந்து விடுகிறோம்.

சாயங்காலம் பையோடு போனால் அவள் தலையைத் திருப்பி, "இன்னைக்கு என்ன கொழம்புக்கா?" என்பாள். புளிக்குழம்பு, சுண்டவத்தல் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். உதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் படாதவளிடம் இப்படிப் பேசலாமா என்று முதலில் கூச்சமாக இருந்தது. ஒருநாள் நான் குழம்பு சொல்லாமல் வந்ததற்குக் கோபித்துக்கொண்டாள். அதிலிருந்து யோசித்து வைத்துக்கொண்டே போவேன்.

புருஷனுக்கு என்மேல் ஒரு வருத்தம். பை மாட்டி ஒரு நாள் முடிந்தால், பாதி மிஞ்சியிருந்தாலும் கழற்றி எறிந்துவிடச் சொல்வேன். அதற்கு மேல் அறைச்சூட்டில் தொங்கினால் கொழுப்பு பிரியும், வைட்டமின் வீணாகும், கிருமி பெருகும். சோற்றைக் கொட்டுவது போல அவருக்கு மனசு கேட்காது. சமையல்காரர் அல்லவா. ஆனாலும் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அன்று சனிக்கிழமை. ஞாயிறு கண்ணாடி அறை கிடையாது என்பதால் மறுநாள் பையையும் சேர்த்துக் கலந்து குளிர்ப்பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். கலப்பதற்கு முன் காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். சர்க்கரையும் பொட்டாசியமும் எங்கேயோ ஏறி நின்றன. அந்த அளவு நிஜமாக இருந்தால் அவள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு படுத்திருக்க முடியாது. டாக்டரிடம் சொல்லி, கையில் குத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. அப்படியென்றால் காலையில் எடுத்த ரத்தத்தில் கலந்திருந்தது என் பைதான்.

யாரோ சிவப்பு டேப் வாயில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மறுபடி எடுத்த ரத்தத்தின் அளவுப்படி பைகளைக் கலந்து முடித்துவிட்டு, அன்றைய பையோடு நானே வார்டுக்குப் போனேன். குற்றாலப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் பையை மாட்டி பம்பை ஓட விட்டாள். ஆலங்குளத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண், கை சுத்தம், நல்ல மாதிரி. கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி படுத்திருந்தவளுக்கு நடுக்கம் வந்தது. புருஷன் பதறவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினார், மடித்துத் தயாராக வைத்திருந்த கம்பளியைப் போர்த்திவிட்டார்.

தினமும் இப்படியா என்று கேட்டேன்.

"மூணு நாலு நாளா இப்படித்தாங்க்கா. சாயங்காலமானா இவ நடுங்குதா. சாரக் காத்துல்லா, ஒடம்புல சத்து இல்லாதவளுக்குத் தாங்கல," என்றார்.

சீசனில் எங்கள் ஊரில் நடுங்காதவர் யார்? அருவியில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்கத் தெருவெல்லாம் ஆட்கள் போகிறார்கள். சாயங்காலப் பையும் சாயங்காலச் சாரலும் ஒரே நேரத்தில் வந்ததில், நடுக்கத்தைக் காற்றின் கணக்கில் எழுதிவிட்டார்கள். டாக்டர் வரும் காலை வேளையில் அவள் நன்றாக இருந்தாள். காற்றடித்ததைப் போய் யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

பை ஓடத் தொடங்கியதும் நடுக்கம் என்றால், கிருமி குழாய்க்குள் இருக்கிறது. நான் பம்பை நிறுத்தச் சொன்னேன். நர்ஸ் முகம் வெளுத்துப்போய், நான் கேட்காமலே சொன்னாள்.

"மருந்து ட்யூப் அடச்சிப் போச்சுக்கா. கை ரெண்டும் பாக்க சகிக்கல, குத்தாதீங்கன்னு கும்பிட்டாவ. அதான் அஞ்சாறு நாளா மருந்தெல்லாம் செவப்பு டேப்புல ஏத்துனேன், இன்னைக்கு ரத்தமும் அதுலயே எடுத்துட்டேன்."

கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தவள், "அவள ஏசாதீங்கக்கா, நாந்தான் கேட்டேன்," என்றாள்.

எனக்கு ஏச வாய் வரவில்லை. ஊரையே ஏசுகிற எனக்கு அன்று வரவில்லை. இரக்கப்பட்டுச் செய்ததை எந்த வார்த்தையால் ஏசுவது?

டாக்டர் வந்தார். உணவு திடீரென நின்றால் சர்க்கரை இறங்கிவிடும் என்று, அந்த நர்ஸே காலில் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்துக் குளுக்கோஸ் ஏற்றினாள். ரத்தத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, கழுத்துக் குழாயைப் பிடுங்கினார்கள். அன்றே திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம். ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் கம்பளி அவள்மேல் இருந்தது. ரத்தத்தில் பூஞ்சைக் கிருமி வளர்ந்திருப்பதாகப் பின்னால் சேதி வந்தது. அதற்கு அடுத்த சேதி, அவள் போய்விட்டாள் என்பது.

காரியங்கள் முடிந்து, பழைய ஸ்கேன் படங்களை வாங்கிப் போக அவள் புருஷன் வந்தார். என்னைத் தேடிக் கண்ணாடி அறை வாசலுக்கே வந்துவிட்டார். நான் அன்று குளிர்ப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பை, கெடு தாண்டி, அவள் பேர் ஒட்டியபடி மேஜைமேல் கிடந்தது. அவர் படித்துவிட்டார்.

"இத வேற ஆருக்காவது குடுக்கலாமாக்கா? சாப்பாட்ட வீணாக்குனா அவளுக்குப் பிடிக்காது."

முடியாது என்றேன். இது அவள் உடம்பின் கணக்குக்கு, அவளுக்காக மட்டும் கலந்தது, நாளும் போய்விட்டது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

பையை அறுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். வெள்ளையாகக் கொட்டியது. அவர் முழுசும் தீரும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லுததா இருந்திய?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் யோசித்து வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் சொதி. அவரிடம் சொன்னேன்.