மயில் ஸ்பூனும் கறுப்புக் கவரும்

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, நாறிப்போன ஒரு டிரம்மைக் கவிழ்த்தது.

காக்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் அம்மா கம்போஸ்ட் கொட்டகை நடத்தினாள். குடியிருப்பின் சமையல் கழிவும் பக்கத்துச் சந்தையின் காய்கறிக் கழிவும் அங்கே துளையிட்ட டிரம்களில் மக்கி எருவாகும். காகிதமும் பால் கவரும் தனியே மூட்டை கட்டி வண்டியேறும். சங்கச் செயலாளர் வெங்கடராமன் கொட்டகையை மூட வேண்டும் என்றார். நாற்றம் தாங்கவில்லையாம். ஞாயிறு கூட்டத்தில் முடிவு. மூடினால் அம்மாவின் தொழிலே போகும். சந்தைக் கழிவைக் கொண்டுபோக வேறு இடமில்லை.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். காற்று போதவில்லை, டிரம்மில் இன்னும் துளை போடலாம் என்றேன்.

"துளை போட வேண்டியது டிரம்முக்கு இல்லடா. இதுக்கு."

அம்மா தூக்கிக் காட்டியது, இறுக முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புக் கவர். உள்ளே காற்றில்லாமல் அழுகிய சாம்பார் சாதம். ஈரக் கழிவைக் கவரில் கட்டிப் போடக் கூடாது என்பது வெங்கடராமனே லிஃப்டில் ஒட்டிய விதி. டிரம் முழுக்க அதே கவர், அதே முடிச்சு. ஒன்றில், சோற்றுக்குள் ஒரு வெள்ளி ஸ்பூன், கறுத்துப்போய்.

அம்மா அதை விபூதி போட்டுத் தேய்த்தாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'வெள்ளி ஸ்பூன் கிடைத்துள்ளது. கூட்டத்தில் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.'

"கவரைப் பத்திப் போடலியேம்மா?"

"எலிப்பொறில வடைய மட்டும்தான்டா வைக்கணும்."

கூட்டத்தில் வெங்கடராமன் நாற்றத்தைப் பற்றி ஆரம்பிக்கும் முன்பே அவர் மனைவி ரமா எழுந்துவிட்டார்.

"மங்களம், கைப்பிடில மயில் இருக்கா? பேத்தி ஆயுஷ்ஹோமத்துக்கு வந்தது!"

"இருக்கு மாமி. கறுப்புக் கவர்ல கிடைச்சுது. உங்களுதுதானா?"

"எங்களுதேதான். வேலைக்காரி வராத அன்னிக்கெல்லாம் இவர்தான் மிச்சத்தைக் கவர்ல கட்டி..."

ரமா மாமி நிறுத்தினார். யாரோ இருமினார்கள். எல்லோரும் வெங்கடராமனைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அம்மா ஸ்பூனை இரு கையாலும் அவரிடமே நீட்டினாள். "சார் முடிச்சு பிரமாதம். அவிழ்க்கறதுக்குள்ள என் பையன் டிகிரியே போயிடுச்சு."

முதலில் சிரித்தது மாமிதான். கொட்டகையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

வெளியே வரும்போது மாமி தன் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு பை எரு கேட்டார்.

"சூடு ஆறட்டும் மாமி, வேர் வெந்துடும். நானே மேல கொண்டாந்து தரேன்."

வியாழனன்று மாரடைப்பு. அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

இன்று கொட்டகைக்குப் போய் எருக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஆறிவிட்டது. மாமி வீடு நான்காவது மாடி.