எந்த வரிசையிலும் பார்க்கலாம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கிவிட்டு வரும் மனிதர், வீட்டில் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். கல்யாணத்துக்கு முன்பு இதைக் கூச்சம் என்று நினைத்து ஏமாந்தேன்.

அப்பா போனபிறகு அம்மா எங்களோடு இருக்க வந்தாள். வந்தாளே தவிர, உட்காரவில்லை. மருமகன் வீட்டில் இருக்கிறோம் என்கிற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்பாள். அங்கே பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும், இவள் சுவரோடுதான் பேசவேண்டும். என் பேச்சு எங்கே எடுபடுகிறது?

சாயங்காலம் மூவரும் டிவி முன்னால் உட்காருவோம். முதலில் பார்த்தது ஒரே கொலையை ஒரு சீசன் முழுக்க இழுக்கிற தொடர். பாதியில் இவருக்கு போன் வரும், எங்கோ லிஃப்ட் நின்றிருக்கும், ஓடுவார். அம்மா கண்ணயர்ந்துவிடுவாள். மறுநாள், "இவன் யாரு? செத்தவனோட தம்பியா?" என்பாள். நான் எரிந்து விழுவேன். பிறகு அவள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

இவர் மறுநாளே ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழுதான மோட்டாரை ஆராய்வது போலத்தான் தொடர்களை ஆராய்ந்தார். எதையும் முதல் பகுதியிலிருந்து தொடங்கவில்லை. மூன்றாவது சீசனின் நடுவில் ஒன்றைத் திறப்பார். "இதுவரை நடந்தது" என்று பழைய காட்சிகள் ஓடினால் அதோடு மூடிவிடுவார். ஓடாவிட்டால் கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தள்ளுவார். குற்றவாளி பிடிபட்டானா, இல்லை யாராவது கதவைத் திறந்து அதிர்ச்சியோடு நிற்கிறார்களா? நின்றால் அதுவும் தள்ளுபடி. துப்பறிபவரின் மனைவியைக் கொன்றது யார் என்று பின்னால் ஒரு கதை வருஷக்கணக்கில் ஓடினால், "இது தொங்கும்" என்று ஒதுக்கினார்.

கடைசியில் சிக்கியது ஒரு கிழட்டு இன்ஸ்பெக்டர் தொடர். கசங்கிய கோட்டு, மறதி, எப்போதும் பசி. ஒரு பகுதிக்கு ஒரு கொலை. அதிலும் கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் கதை. நடுவில் எழுந்து போனாலும், தூங்கி விழித்தாலும் தொலைந்துபோக மாட்டோம்.

"எங்கேர்ந்து பார்க்கணும் மாப்பிள்ளை?" என்றாள் அம்மா.

"எங்கேர்ந்து வேணா பார்க்கலாம் அத்தை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் போட்டிருக்கு, பார்த்து நீங்களே எடுங்க."

சீசனின் கடைசிப் பகுதிகளை மட்டும் இவரே தாண்டிவிடுவார். அங்கேதான் இரண்டு பாகக் கதை, இடமாற்றம் என்று ஏதாவது முடிச்சு வைத்திருப்பார்களாம். இதை எங்களிடம் சொல்லவேண்டும் என்று அந்த ஊமைக்கோட்டானுக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மா மறுபடி கூடத்துக்கு வந்தாள். "சும்மா இந்தக் கதை முடியிற வரைக்கும் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் இவர் வேலைக்குப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பட்டியலின் அடிவரை போய், இன்ஸ்பெக்டர் கையில் அட்டைப்பெட்டியோடு நிற்கிற படத்தை எடுத்தாள். அது தொடரின் கடைசிப் பகுதி. மனிதர் ஓய்வு பெறுகிறார். மேஜையைக் காலி செய்து, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பெட்டி. அதை நடையில் வைத்தாள். நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

இவர் கிரீஸ் கையோடு வந்து பெட்டியைப் பார்த்தார்.

"கதை முடிஞ்சுபோச்சு மாப்பிள்ளை. நாளைக்குப் பெரியவ வீட்டுக்குக் கிளம்பறேன்."

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நான் முறைத்தேன். மனிதர் கை கழுவிக்கொண்டு வந்து, ரிமோட்டை எடுத்து, இரண்டாவது சீசனில் ஏதோ ஒன்றைப் போட்டார். கசங்கிய கோட்டோடு இன்ஸ்பெக்டர் வந்து, பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தார்.

"இவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே?" அம்மா நின்றபடியே கேட்டாள்.

"இதுல வரிசையே கிடையாது அத்தை. நாம எப்ப உக்காந்தாலும் அவரு வேலையிலதான் இருப்பாரு." ரிமோட்டைக் கீழே வைத்தார். "அதுக்காகத்தான் தேடி எடுத்தேன்."

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் மடித்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பாதியில் போன் அடித்தது. இவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, நடையிலிருந்த பெட்டி காலில் இடித்தது.

"அதை அலமாரி மேல ஏத்திட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு எட்டாது."