நூற்று அறுபத்தெட்டாவது கையெழுத்து

எங்கே உட்காரப் போனாலும் சித்தப்பா முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "இது யாரு இடம்?" கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார், பேருந்திலும் கேட்பார். எங்கள் வீட்டில் இருபது வருடமாக அவருக்கென்றே கிடக்கும் பிரம்பு நாற்காலியில் உட்காரும் முன்பும் கேட்பார். சிறு வயதில் அதை மரியாதை என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போன பிறகு கூச்சம் என்று நினைத்தேன். அவர் வேலை பார்த்த பாட்டில் ஆலையிலேயே நானும் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்த பிறகுதான், அது தொழிலில் படிந்த பழக்கம் என்று புரிந்தது.

அவர் மாற்று ஆள். ஒருவர் சாப்பிடப் போனாலோ கழிப்பறைக்குப் போனாலோ விடுப்பு எடுத்தாலோ அந்த இடத்தில் போய் நிற்பவர். உலைக் கட்டுப்பாட்டு அறை, அச்சு இயந்திரம், பாட்டில் ஆறும் நீளக் கூடம், அடுக்கும் இயந்திரம் என்று எல்லா இடத்திலும் நிற்க அனுமதி பெற்ற ஒரே ஆள் அவர்தான். ரம்மியில் எந்த வரிசையிலும் சேரும் சீட்டின் பெயரையே ஆலை அவருக்கு வைத்திருந்தது: ஜோக்கர். இருபத்தாறு வருடம் ஓடி, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

நான் சேர்ந்த நான்காம் மாதம் உத்தரவு வந்தது. நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமில்லாமல் எல்லாத் தொழிலாளர்களும் இரண்டு மாதத்துக்குள் ஆறு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். முடிக்காதவரின் நுழைவு அட்டை அடுத்த நாள் காலை ஆறு மணி முதல் வாசலில் வேலை செய்யாது. உற்பத்தி மட்டும் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. கண்ணாடி உலையை அணைத்தால் உள்ளே இருக்கும் குழம்பு இறுகிவிடும். உலை வருடக்கணக்கில் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

"அட்டவணை நீயே போடு," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது.

மூன்று ஷிப்டை நான்கு குழுக்கள் மாறி மாறி ஓட்டின. ஒரு குழு எப்போதும் ஓய்வில் இருக்கும். முதலில், இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வருபவர்களை ஆறரைக்கு வகுப்பில் உட்காரவைத்தேன். கண்ணைத் திறந்தபடியே தூங்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். தீயணைப்பானின் ஊசியை எப்போது பிடுங்க வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டதற்கு ஒருவர், "கையெழுத்து போட்டதும்" என்றார். அடுத்து ஓய்வு நாளில் வரச் சொன்னேன். தொழிற்சங்கச் செயலாளர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, எங்க லீவ உங்க வீட்டுக் குழாய்னு நெனச்சிட்டியா? தொறக்கறதும் மூடறதும்?"

கடைசியில் நிலைத்த திட்டம் இதுதான். ஆறு மணி நேரத்தை இரண்டு மணி நேர வகுப்புகள் மூன்றாக உடைத்தோம். ஒவ்வொரு ஷிப்டுக்குள்ளும் ஒரு வகுப்பு, வகுப்புக்கு நான்கு பேர். சோதனை மேசையிலிருந்தும் கட்டும் பகுதியிலிருந்தும் ஆளை எடுத்தால் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து சமாளிப்பார்கள். இயந்திரத்திலிருந்து எடுத்தால் அந்த இயந்திரத்துக்கு அனுமதி பெற்ற மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்க ஆலை முழுவதும் நான்கே பேர். அதில் உலையில் நிற்கக்கூடியவர் சித்தப்பா மட்டும்.

அந்த இரண்டு மாதம் அவர் தன் குழுவோடு வேலை பார்க்கவே இல்லை. எந்த ஷிப்டில் உலைக்காரருக்கு வகுப்போ அந்த ஷிப்டுக்கு வந்தார். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் பதினோரு மணி நேர ஓய்வு விதியை நான் மீறவில்லை. எண்ணிப் பார்த்துதான் போட்டேன். ஆனால் எண்ணிக்கையில் சரியாக இருந்த மனிதர் வீட்டில் தட்டு முன் உட்கார்ந்து, "இப்ப காலைச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?" என்று சித்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதா இருந்தா என்ன, வாயில போடுங்க," என்றாள் சித்தி.

கெடுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, முடித்தவர்களும் நாள் குறித்தவர்களுமாக என் அட்டவணை நூறு சதவீதம் காட்டியது. அதிகாரி என் தோளில் தட்டினார். மறுநாள் நேர அலுவலகத்திலிருந்து, நுழைவு அட்டை வைத்திருக்கும் எல்லாருடைய வாசல் பட்டியலும் வந்தது. என்னிடம் நூற்று அறுபத்து நான்கு பெயர். வாசலில் நூற்று அறுபத்தெட்டு. மூன்று முறை சரிபார்த்தேன். விட்டுப்போன நால்வரும் மாற்று ஆட்கள். ஆலையின் இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு குழுவிலும் இருப்பவர் பெயரைப் போட்டு அட்டவணை செய்திருந்தேன். இடமே இல்லாதவர்களுக்கு வரிசை இல்லை. எல்லாரையும் வகுப்புக்கு அனுப்பிவைத்த நால்வரை யாருமே வகுப்புக்கு அனுப்பவில்லை. அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா.

அவரிடம் சொன்னபோது சிரித்தார். "பரவால்ல மேடம்." ஆலைக்குள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அட்ட மட்டும் நின்னுடக் கூடாது பாப்பா. கடைசி வருஷத்துல வாசல்ல நிக்க வெச்சாங்கன்னா எனக்குத் தாங்காது," என்றார்.

அந்த எட்டு நாளில் ஒருவருக்கு ஒருவர் நின்று மற்ற மூன்று மாற்று ஆட்களும் முடித்தார்கள். சித்தப்பா இரண்டு வகுப்பு முடித்தார். மூன்றாவது, பூட்டு வகுப்பு, கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு. இயந்திரத்துக்குள் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, அந்த விசையில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது பற்றிய பாடம்.

அன்று பார்த்து, அடுக்கும் இயந்திரக்காரருக்கும் அதே வகுப்பு பாக்கி இருந்தது. பேச்சை நிறுத்தாத மனிதர் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். முந்தைய வாரம் அவருக்குக் குறித்த நாளில் விடுப்பில் போயிருந்தார். சித்தப்பா வகுப்புக்குப் போனால் ரேடியோ இயந்திரத்தில் நிற்க வேண்டும். ரேடியோ போனால் சித்தப்பா நிற்க வேண்டும். வேறு மாற்று ஆள் இல்லை. ஒருவர் காலையில்தான் இரவு ஷிப்ட் முடித்துப் போயிருந்தார். மற்ற இருவர் வேறு இடங்களில் நின்றார்கள்.

"நீங்க போங்கண்ணே," என்றார் ரேடியோ. "எனக்கு அடுத்த வகுப்பு வர்ற வரைக்கும் ஒரு வாரம் வீட்ல ரெஸ்ட் கெடச்ச மாதிரி."

"உன் பேச்ச ஒரு வாரம் வீட்ல யாரு கேக்கறது? அந்தப் பாவம் எனக்கு வேணாம். போடா."

ரேடியோ போனார். சித்தப்பாவின் அட்டை என்ன ஆகும் என்று யோசித்தபடியே ரேடியோவின் பெயரை வகுப்புப் பட்டியலில் சேர்த்தேன்.

நாலே முக்காலுக்கு அடுக்கும் இயந்திரத்துக்குள் பாட்டில்கள் சரிந்தன. பின்னால் பாட்டில்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. சில நிமிடம் தாண்டினால் எல்லாம் உடைசலுக்குத்தான் போகும். சித்தப்பா விசையை நிறுத்தினார். பக்கத்துக் கொக்கியில் ரேடியோவின் பூட்டு தொங்கியது. அதைப் போட்டு, அதோடு இருந்த சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கம்பிக் கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. இருபத்தாறு வருடமாக மாற்று ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். யாருடைய இடமோ அவருடைய பூட்டு. அவர்களுக்கென்று தனிப் பூட்டு யாரும் கொடுத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை. என் அட்டவணையில் இருந்த அதே ஓட்டைதான் என்று இப்போது தெரிகிறது.

ஐந்து மணிக்கு வகுப்பு விட்டது. இடத்தை விட்டுப் போகிறவர் தன் பூட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், மறந்து தொங்கவிட்டால் அது தப்பு என்று பயிற்சியாளர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். ரேடியோ வந்தார். விசையில் தன் பெயர் எழுதிய பூட்டு. ஐயோ, மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறோமே, அதனால்தான் இயந்திரம் நிற்கிறது, அண்ணன் சாவி தேடிப் போயிருப்பார் என்று பதறினார். அவர் சட்டைப்பையில் இன்னொரு சாவி இருந்தது. திறந்தார். விசையைப் போட்டு ஓட்டப் பொத்தானையும் அழுத்தினார்.

எச்சரிக்கை மணி அடித்தது. சோதனை மேசையில் இருந்த அக்கா, "ஆளு உள்ள! ஆளு உள்ள!" என்று கத்தினார். இயந்திரத்தின் தூக்கும் கை ஒரு சாண் நகர்ந்தபோது ரேடியோ நிறுத்திவிட்டார். சித்தப்பா முழங்கையில் சிராய்ப்போடு வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணே... என் பூட்டுன்னு..." ரேடியோவுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"தெரியும்டா. உன் மேல தப்பில்ல. நான் சொல்லிக்கிறேன்," என்றார் சித்தப்பா. சத்தம் கேட்டு ஓடிவந்த நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆறு மணிக்கு அதிகாரி வருகைத் தாளை நீட்டினார். நூற்று அறுபத்தேழு பேர் முடித்திருந்தார்கள். "உங்க ஜோக்கர் ஒருத்தர்தான். இருபத்தாறு வருஷ ஆளு, பூட்டப் பத்தி அவருக்கு யாரு சொல்லித் தரணும்? கையெழுத்து வாங்கிடும்மா."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அட்டை நின்றுபோனால் வாசலில் அவர் நிற்பது கண்முன் வந்தது. முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்த கையாலேயே அவர் போட்டார். பேனாவைத் திருப்பித் தந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு. உற்பத்தி ஒரு நிமிடமும் நிற்கவில்லை என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'உள்ளே ஆள் இருப்பதைச் சரிபார்க்காமல் பூட்டு திறக்கப்பட்டது' என்று எழுதினேன். அது பொய் இல்லை. அந்தப் பூட்டைப் போட்டது யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, நானும் கட்டத்துக்கு வெளியே எழுதவில்லை. ரேடியோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அது கோப்பில் மூன்று வருடம் இருக்கும். அது இருக்கும்வரை குழுத் தலைவர் பதவி கிடைக்காது. அந்த வருடம் அந்தப் பதவி அவருக்கு வர வேண்டியது.

சித்தப்பா எழுதித் தருவதாகச் சொன்னார். 'நான் போட்ட பூட்டு' என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை எழுதினால், அந்த வகுப்புக்கு வந்ததாகப் போட்ட கையெழுத்தும் வெளியே வரும். ஐந்து மணி வரை இயந்திரத்தில் நின்றவர் வகுப்பில் எப்படி இருந்திருப்பார்? அட்டை போகும். "அடுத்த மாசம் பாப்பா," என்றார். பிறகு, "ஓய்வு வாங்கினதும்," என்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். இருபத்தாறு வருடம் அடுத்தவருக்காகப் போய் நின்ற மனிதர் அவர். வகுப்பையே விட்டுக்கொடுத்தவர். ஒரு வரியை மட்டும் ஏன் கொடுக்க முடியவில்லை? அவரைக் கேட்கலாம். கேட்டால், நீ ஏன் எழுதவில்லை என்று அவர் திருப்பிக் கேட்பார் என்ற பயத்தில் கேட்கவில்லை. மாற்று ஆட்கள் நால்வருக்கும் தனிப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அதற்குக் காரணம் கேட்ட அதிகாரியிடம், பழையவை துருப்பிடித்துவிட்டன என்றேன்.

அவர் ஓய்வு பெற்றார். மகளின் ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதினேன். நான்கே வரிதான். படித்துக் காட்டினேன். "சரியா இருக்கு," என்றார். மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது, ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டார்.

ஏழு மாதம் ஆகிறது. ரேடியோ இப்போதும் அடுக்கும் இயந்திரத்தில்தான் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம், "அண்ணன் நல்லா இருக்காராம்மா?" என்று கேட்பார். நல்லா இருக்கார் என்பேன். தாள் இன்னும் வரவில்லை.